எத்தனை இலை போட வேண்டும்?

கல்யாண வீட்டில் சமையல்காரர் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "எத்தனை இலை?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம் இல்லை. நாம் பத்திரிகை வைக்கிறோம். "குடும்பத்துடன் வாங்க" என்று சொல்கிறோம். அந்தக் குடும்பத்தில் இரண்டு பேர் வருவார்களா, ஆறு பேர் வருவார்களா? இரவு வருவார்களா, காலையில் வருவார்களா? அதை நாம் கேட்பதில்லை. அவர்களும் சொல்வதில்லை.

சில நாடுகளில் வழக்கம் வேறு. அங்கே பத்திரிகையின் அடியில் ஆர்.எஸ்.வி.பி. என்று நான்கு எழுத்து அச்சடித்திருப்பார்கள். அது பிரெஞ்சு மொழிச் சொற்களின் சுருக்கம். 'தயவு செய்து பதில் சொல்லுங்கள்' என்று அர்த்தம். பதில் சொல்ல ஒரு தேதியும் போட்டிருப்பார்கள். வருகிறவர்கள் அந்தத் தேதிக்குள் பதில் அனுப்புவார்கள். இப்போது நம் ஊர்ப் பணக்காரர் வீட்டுப் பத்திரிகைகளிலும் அந்த நான்கு எழுத்தைப் பார்க்கலாம். ஆனால் அதைப் பார்த்துப் பதில் சொல்கிறவர் குறைவு. "கூப்பிட்டுவிட்டு எண்ணிக்கை கேட்கிறார்களே" என்று கோபப்படுகிறவர்கள்தான் அதிகம்.

அப்படியானால் எண்ணுவது எப்படி? கர்நாடகத்தில் சாமராஜநகரில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வீட்டுப் பெரியவர் கருங்கல் பட்டறையில் வேலை செய்கிறார். இரண்டாவது மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு நீலகிரியில் கூடலூர். சனிக்கிழமை இரவு வரவேற்பு. ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மேல் முகூர்த்தம். மண்டபம் சாமராஜநகரில்.

பெரியவர் மனசில் ஒரு பயம். பந்தியில் சாப்பாடு தீர்ந்துவிட்டால் மானம் போய்விடும். அவர் மனைவிக்கு வேறு பயம். 2016இல் மூத்த மகள் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் அடைய நாலு வருஷம் ஆனது.

அந்தக் கல்யாணத்தில் நடந்தது இதுதான். வீட்டில் போட்ட கணக்கு 400 பேர். பெரியவர் "எதற்கும் இருக்கட்டும்" என்று 50 சேர்த்தார். அவருடைய தம்பி "நம்ம மானம் என்னாவது?" என்று இன்னும் 50 சேர்த்தார். சமையல்காரரிடம் 500 என்று சொன்னார்கள். அவர் தன் பங்குக்குக் கொஞ்சம் கூட்டி 550 பேருக்குச் சமைத்தார். சாப்பிட்டவர்கள் 390 பேர். ஓர் இலைக்கு 120 ரூபாய் என்று பேச்சு. 500 இலைக்கும் பணம் கொடுத்தார்கள். யாரும் சாப்பிடாத 110 இலைக்கு 13,200 ரூபாய் போனது. மீந்த சோற்றை அண்டாவோடு வண்டியில் ஏற்றியதை அந்த அம்மாள் நின்று பார்த்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதலில் போட்ட 400 பெரிய தப்பு இல்லை. பத்து பேர்தான் வித்தியாசம். அதன் மேல் ஒவ்வொருவரும் பயந்து பயந்து சேர்த்ததுதான் தப்பு. மூன்று பேர் தனித்தனியாகச் சேர்த்தார்கள். அடுத்தவர் ஏற்கெனவே சேர்த்துவிட்டார் என்பதை யாரும் கேட்கவில்லை.

இந்தத் தடவை வீட்டின் மூத்த மருமகள் ஒரு நோட்டுப் போட்டாள்.

"மாமா, பழைய மொய் நோட்டு எங்கே?" என்று முதலில் கேட்டாள்.

மொய் நோட்டில்தான் எல்லாம் இருக்கிறது. யார் வந்தார்கள், எந்த ஊர், எவ்வளவு வைத்தார்கள் என்று எழுதியிருக்கும். கன்னடக்காரர்களும் இதை 'முய்யி' என்றுதான் சொல்வார்கள். வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பது இரண்டு பக்கமும் வழக்கம். அதனால் யாரை அழைக்க வேண்டும் என்பதற்கு மொய் நோட்டைப் போல வேறு பட்டியல் இல்லை. ஆனால் ஒரு குறை. மொய் வீட்டுக்கு ஒன்றுதான். எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பது அதில் இருக்காது.

மருமகள் பழைய நோட்டைப் பார்த்துப் புதிய நோட்டில் 210 வீடுகளை எழுதினாள். ஒரு வரியில் ஒரு வீடு. வீட்டின் பெயருக்குப் பக்கத்தில் மூன்று கட்டம் போட்டாள். இரவு, காலை, மதியம். கடைசியில் ஒரு சின்னக் கட்டம். அதில் யார் சொன்னார்கள், எந்தத் தேதியில் என்று எழுத வேண்டும்.

மூன்று கட்டம் எதற்கு? ஒரே கல்யாணத்தில் மூன்று தடவை இலை போடுகிறோம். மூன்று தடவையும் ஒரே கூட்டம் வராது. பட்டறையில் கூட வேலை செய்பவர்கள் இரவு வரவேற்புக்கு வருவார்கள். மறுநாள் வர மாட்டார்கள். வயதான உறவினர்கள் முகூர்த்தத்துக்கு வந்து மதியம் சாப்பிட்டுப் போவார்கள். வெளியூரிலிருந்து வந்து தங்குகிறவர்கள் மூன்று வேளையும் சாப்பிடுவார்கள். மொத்தமாக '400 பேர்' என்று சொன்னால் மூன்று வேளைக்கும் 400 இலைக்குச் சமையல் நடக்கும்.

குழந்தைகளுக்கும் ஒரு கணக்கு உண்டு. மடியில் உட்கார்ந்து சாப்பிடும் குழந்தைக்கு இலை இல்லை. தனியாக உட்கார்ந்து இலை போட்டால் அது முழு இலைதான். ஐந்து வயதுப் பிள்ளை பாதி சாப்பிட்டாலும் இலைக் கணக்கில் ஒன்று.

பத்திரிகை வைக்கப் போகும்போதே கேட்பதுதான் நல்லது. தாம்பூலத் தட்டை நீட்டி, "எத்தனை பேர் வருவீங்க?" என்று கேட்கக் கூடாது. அது அளந்து கூப்பிடுவது போல ஆகிவிடும். மருமகள் வேறு மாதிரி கேட்டாள். "சித்தி, முதல் நாளே வந்து தங்கிடுங்க. ரூம் போட்டு வைக்கிறோம். பசங்களுக்கு லீவு இருக்கா?" சித்தி தானாகவே சொன்னாள். "பசங்களுக்குப் பரீட்சை. நானும் உங்க சித்தப்பாவும் காலையில வந்து மதியம் கிளம்பிடுவோம்." மருமகள் வெளியே வந்ததும் நோட்டில் எழுதினாள். இரவு 0, காலை 0, மதியம் 2.

இப்படி எழுதியதில் 96 வீட்டுக்கு எண்ணிக்கை வந்தது. 32 வீட்டுக்காரர்கள் வர முடியாது என்று சொன்னார்கள். 82 வீடு பாக்கி. பாதிப் பேருக்கு வாட்ஸ்அப்பில் பத்திரிகை போயிருந்தது. அவர்கள் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பியதோடு சரி. கும்பிடு வந்தால் வருகிறார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் இந்த 82 வீட்டையும் மூன்று பேர் பிரித்துக்கொண்டார்கள். பட்டறை ஆட்கள் 25 வீடு பெரியவருக்கு. உறவினர் 30 வீடு மாமியாருக்கு. மீதி 27 வீடு மூத்த மகனுக்கு. யாருக்கு யார் பழக்கமோ அவர்தான் கூப்பிட வேண்டும். பழக்கம் இல்லாதவர் கூப்பிட்டால் "கண்டிப்பா வர்றோம்" என்று மரியாதைக்குச் சொல்வார்கள். பழகியவரிடம்தான் உண்மை வரும்.

இங்கே பேச்சைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். "வந்துடறோம்" என்றால் பெரும்பாலும் வருவார்கள். "எந்த பஸ்ஸுல வந்தா சௌகரியம்?" என்று கேட்டால் நிச்சயம் வருவார்கள். "பார்க்கலாம்" என்றால் பெரும்பாலும் வர மாட்டார்கள். கன்னடக்காரர் "பர்த்தீவி" என்றால் வருகிறோம் என்று பொருள். "நோடோண" என்றால் அது நம்முடைய "பார்க்கலாம்" மாதிரிதான். "முடியாது" என்று முகத்துக்கு நேரே சொல்ல நம் ஜனங்களுக்குக் கூச்சம். அதனால் வர முடியாது என்று சொல்ல அவர்களுக்கு நாமே ஒரு வழி விட வேண்டும். மாமியார் இப்படிச் சொன்னார். "அண்ணி, ஞாயித்துக்கிழமை உங்க பக்கமும் நிறைய முகூர்த்தம் இருக்கும். வர முடியலன்னா பரவாயில்ல. பொண்ணு மாப்பிள்ளையை ஒரு நாள் உங்க வீட்டுக்கு அனுப்பறேன்." உடனே அந்த அண்ணி நாத்தனார் வீட்டுக் கல்யாணம் இருப்பதைச் சொல்லிவிட்டார். ஒரு வீடு கணக்கில் தெளிவானது. மனசும் கசக்கவில்லை.

மூன்று நாளில் 41 வீடு வருகிறோம் என்றது. 19 வீடு இல்லை என்றது. 22 வீடு கடைசி வரை தெரியவில்லை. அவர்களை மறுபடியும் கூப்பிடவில்லை. இரண்டு தடவைக்கு மேல் கேட்டால் தொல்லை. அந்த 22இல் பாதி வீடு வரும், வீட்டுக்கு இரண்டு பேர் என்று போட்டார்கள். எல்லாம் உள்ளூர் வீடுகள். அதனால் இரவுக்கு 22 பேர், மதியத்துக்கு 12 பேர், காலைக்கு யாரும் இல்லை என்று எழுதினார்கள்.

இனி மாப்பிள்ளை வீடு. சம்பந்தியிடம் எண்ணிக்கை கேட்பதுதான் மிகவும் கஷ்டம். பெரியவர் தயங்கினார். மருமகள் சொன்னாள். "மாமா, ஆளைக் கேட்காதீங்க. வண்டியைக் கேளுங்க."

பெரியவர் போனில் பேசினார். "சம்பந்தி, எத்தனை வண்டி வைக்கிறீங்க? டிரைவருக்குத் தங்க இடம் பார்க்கணும்." சம்பந்தி சந்தோஷமாகச் சொன்னார். சனிக்கிழமை ஒரு பஸ்ஸும் ஒரு வேனும் வருகின்றன. 70 பேர். மீதிப் பேர் ஒரு வேனிலும் நாலு காரிலும் வருவார்கள். 40 பேர்.

"அவங்க ராத்திரியே வந்துட்டுத் திரும்பிடுவாங்களா?" என்று பெரியவர் கேட்டார்.

"அதெப்படி முடியும்? ரோடு மூடிடுவாங்களே" என்றார் சம்பந்தி.

கூடலூரிலிருந்து சாமராஜநகருக்கு வரும் சாலை முதுமலை, பந்திப்பூர் காடு வழியாகக் குண்டலுப்பேட்டைக்கு வருகிறது. பந்திப்பூர் காட்டில் மிருகங்கள் வண்டியில் அடிபட்டுச் சாவதைத் தடுக்க 2009இல் இரவுத் தடை வந்தது. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொது வண்டிகள் போக முடியாது. சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையில் வருகிறவர்களுக்கும் 2022 பிப்ரவரியிலிருந்து இரவில் கட்டுப்பாடு உண்டு.

சாலை மூடுவதற்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? நேரடிச் சம்பந்தம்தான். வரவேற்புக்கு வந்த 70 பேரும் இரவு திரும்ப முடியாது. அவர்களுக்குக் காலை டிபன் கட்டாயம். மீதி 40 பேர் காலை ஆறு மணிக்குக் காட்டைத் தாண்டத் தொடங்கி எட்டரை மணிவாக்கில் வந்து சேருவார்கள். பசியோடு வருவார்கள். டிபன் எட்டு மணிக்கே முடிந்துவிடக் கூடாது. காலை இலை 110, மதியம் இலை 110.

அடுத்தது, பெரும்பாலான வீடுகளில் மறந்து போகிற இலைகள். மேளக்காரர்கள், போட்டோ எடுப்பவர்கள், ஐயர், மண்டபத்து ஆட்கள், பந்தல்காரர், டிரைவர்கள். இவர்களும் சாப்பிட வேண்டும். வேளைக்கு 25 என்று போட்டார்கள்.

இப்போது கூட்டிப் பார்ப்போம்.

இரவு: வருகிறோம் என்ற நம் வீட்டார் 248. தெரியாதவர் 22. மாப்பிள்ளை வீடு 70. வேலை ஆட்கள் 25. மொத்தம் 365.

காலை: நம் வீட்டார் 84. மாப்பிள்ளை வீடு 110. வேலை ஆட்கள் 25. மொத்தம் 219.

மதியம்: நம் வீட்டார் 190. தெரியாதவர் 12. மாப்பிள்ளை வீடு 110. வேலை ஆட்கள் 25. மொத்தம் 337.

முதலில் 500 என்று சொல்ல இருந்தார் பெரியவர். கணக்கைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

சமையல் ஒப்பந்தக்காரருக்குக் கடைசிக் கணக்கைக் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் சொல்ல வேண்டும். மளிகைச் சாமான் அப்போதுதான் வாங்குவார். காய்கறி முதல் நாள் வாங்குவார். புதன்கிழமை மாலை பெரியவரும் மருமகளும் போனார்கள். மருமகள் முதலில் ஒன்று கேட்டாள்.

"அண்ணா, நாங்க சொல்ற கணக்குக்கு மேல நீங்க எவ்வளவு கூட்டிச் சமைப்பீங்க?"

"நூத்துக்கு அஞ்சு இலை கூட இருக்கும்மா. அது எங்க வழக்கம்."

"அப்ப நாங்க மேல எதுவும் சேர்க்கல."

இரவுக்கு 360, காலைக்கு 220, மதியத்துக்கு 335 என்று சொன்னார்கள். இதைச் 'சொன்ன கணக்கு' என்பார்கள். சொன்ன கணக்குக்குக் குறைவாகச் சாப்பிட்டாலும் முழுப் பணம் கொடுக்க வேண்டும். கூடினால் கூடின இலைக்குப் பணம். அதனால் கூட்டிச் சொன்னால் நஷ்டம் நமக்கு. ரொம்பக் குறைத்துச் சொன்னால் பந்தியில் தட்டுப்படும். இந்தக் கணக்கையும் இலை விலையையும் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இரவு இலை 170, காலை 70, மதியம் 160 ரூபாய்.

பெரியவருக்கு இன்னும் பயம் போகவில்லை. "ஆளு கூடிட்டா?" என்று கேட்டார்.

சமையல்காரர் சொன்ன பதில் தெரிந்துகொள்ள வேண்டியது. சமையலில் இரண்டு வகை உண்டு. எண்ணிப் போடுவது ஒன்று. அள்ளிப் போடுவது இன்னொன்று. போளி, வடை, ஜாங்கிரி எல்லாம் எண்ணிப் போடுவது. சாமராஜநகர்ப் பக்கம் கல்யாணத்தில் போளி முக்கியம். அதை 'ஒப்பட்டு' என்பார்கள். அதற்கான பூரணத்தை முன்னதாகவே அரைத்து வைத்துவிடுவார்கள். நடுப்பந்தியில் 50 பேர் கூடினால் புதிதாகச் செய்ய முடியாது. ஆனால் சோறு அப்படி இல்லை. நூறு பேருக்குப் பத்து பன்னிரண்டு கிலோ அரிசி போதும். அடுப்பு தயாராக இருந்தால் முக்கால் மணியில் இன்னொரு அண்டா வடித்துவிடலாம். ரசம் அதைவிடச் சீக்கிரம். ஆகவே தட்டுப்பாடு முதலில் தெரிவது இனிப்பில்தான். பந்தி பாதியில் பரிமாறுகிறவர் போளியைப் பாதியாகக் கிள்ளி வைக்க ஆரம்பித்தால் கணக்கு தப்பிவிட்டது என்று அர்த்தம்.

சனிக்கிழமை வந்தது. பந்திக் கூடத்தில் ஒரே நேரத்தில் நூறு பேர் உட்காரலாம். மூத்த மகன் ஒவ்வொரு பந்திக்கும் வரிசை வரிசையாக எண்ணி நோட்டில் குறித்தான். வாழை இலைக் கட்டுகளையும் காலையிலேயே எண்ணி வாங்கியிருந்தார்கள். வாங்கியதில் மீந்ததைக் கழித்தால் போட்ட இலை தெரியும். கிழிந்த இலையைத் தனியாக வைக்கச் சொன்னார்கள். இரண்டு கணக்கும் ஒத்துப் போக வேண்டும். வீட்டு ஆள் எண்ணாவிட்டால் சமையல்காரர் சொல்வதுதான் கணக்கு. கடைசியில் சண்டை வருவது இந்த இடத்தில்தான்.

இரவு 352 இலை. சொன்னதைவிட 8 குறைவு. அதற்கு 1,360 ரூபாய் வீண்.

காலையில்தான் ஒரு சிக்கல். கூடலூரிலிருந்து சொல்லாத ஒரு வேன் வந்து நின்றது. 15 பேர். டிரைவர்களும் மூன்று பேர் கூடுதல். 220க்குப் பதில் 238 இலை. சமையல்காரர் கூட வைத்திருந்த 11 இலையும் போதவில்லை. மருமகள் வேனைப் பார்த்ததுமே சமையல் கட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னாள். அவர் ரவையை வறுத்து உப்புமா கிளறினார். கடைசி ஏழு இலைக்கு இட்லிக்குப் பதில் உப்புமா விழுந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

மதியம் 341 இலை. சொன்னதைவிட 6 அதிகம். எல்லாருக்கும் முழுப் போளி கிடைத்தது.

கூடின இலைகளுக்கு மொத்தம் 2,220 ரூபாய் சேர்த்துக் கொடுத்தார்கள். வீண் போனது இரவு 8 இலை மட்டும். இதில் பீகர ஊட்டாக் கணக்கு சேரவில்லை. இந்தப் பக்கம் கல்யாணம் முடிந்த பிறகு சம்பந்திகளுக்குப் போடும் கறி விருந்து அது. அதற்குத் தனியாக எண்ண வேண்டும். கறிச் சாப்பாட்டுக்கு "பார்க்கலாம்" என்றவர்களும் வந்துவிடுவார்கள். அங்கே கொஞ்சம் கூட்டிச் சொல்வதே புத்திசாலித்தனம்.

2020 மே மாதம் கொரோனா காலத்தில் கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்று மத்திய அரசு சொல்லியிருந்தது. அப்போது பல வீடுகளில் முதன்முதலாகப் பெயர் பெயராக எண்ணினார்கள். தடை போனதும் அந்தப் பழக்கமும் போய்விட்டது.

திங்கட்கிழமை மருமகள் மொய் நோட்டையும் தன் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வருகிறோம் என்ற 137 வீட்டில் 11 வீடு வரவில்லை. பதில் தெரியாத 22 வீட்டில் 9 வீடு வந்திருந்தது. அதில் ஒரு வீடு, இரண்டு தடவையும் "நோடோண" என்று சொன்ன பட்டறை மேஸ்திரி வீடு. அந்த வரியில் அவள் பேனாவால் எழுதினாள். 'இரவு, நாலு பேர்.' வீட்டில் இன்னும் ஒரு மகன் இருக்கிறான்.